பேசின் இல்லாத கடிதம்

அவனை வக்கீல் என்று கூப்பிட்டவர்கள் யாரும் அவன் சட்டம் படிப்பதாக நினைக்கவில்லை. அவன் படித்தது வணிகவியல். அதையும் படித்தான் என்று சொன்னால் கல்லூரியில் சிலர் மறுப்பார்கள். யாருடைய வழக்கையும் காகிதத்தில் வாதாடி ஜெயித்துக் கொடுப்பான் என்பதால் வந்த பெயர் அது. மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோரும் ‘நான் ஏன் இதைப் படிக்க வருகிறேன்’ என்று ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதித் தர வேண்டும். ஏன் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தப் பாதிப் பேருக்காக வக்கீல் தெரிந்து வைத்துக்கொண்டான்.

மாமாவின் செல்போன் கடையில் விடுமுறைக்கு உட்கார்ந்து ஈ ஓட்டிய ஒருத்தனை, ‘நுகர்வோர் மனப்போக்கை நேரில் அவதானித்தவன்’ என்று எழுதி ஒரு பல்கலைக்கழகத்துக்குள் தள்ளிவிட்டான். காதல் தோல்வியில் ஒரு வருஷம் வீட்டில் படுத்துக் கிடந்தவனுக்கு அந்த வருஷத்தை ‘சுயவாசிப்புக் காலம்’ ஆக்கிக் கொடுத்தான். கூலி ஒரு டீ. காரியம் பலித்தால் கூட ஒரு பஜ்ஜி. அவன் தொழிலில் ஒரே ஒரு கர்வம் இருந்தது. அவன் எழுதிய எந்த இரண்டு ஸ்டேட்மெண்டிலும் ஒரே வாக்கியம் வந்ததில்லை.

அக்கா அவனிடம் வந்தபோது டீயைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஆஸ்பத்திரி லேபில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, கிருமிநாசினி வாசனையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

“எனக்கு ரெண்டு எழுதணும். ஒரே டிபார்ட்மெண்ட், ஒரே சப்ஜெக்ட், மருத்துவ நுண்ணுயிரியல். ஒண்ணு ரிசர்ச் மாஸ்டர்ஸ். இன்னொண்ணு கோர்ஸ் மாஸ்டர்ஸ், கிளாஸ் நடத்தி பரீட்சை வைக்கிறது. ரெண்டுக்கும் தனித்தனியா போடலாமாம்.”

“சப்ஜெக்ட் ஒண்ணுன்னா ஒரு கடிதத்தை ரெண்டு தடவ அனுப்பு.”

“அப்படி அனுப்பினவங்க எல்லாம் ரெண்டுலயும் கிடைக்காம வீட்ல இருக்காங்க. உன்னை வக்கீல்னு வேற கூப்பிடறாங்க.”

அவளுக்கு உண்மையில் வேண்டியது முதலாவதுதான். ஏன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். பச்சைக் குழந்தைகள் வார்டிலிருந்து வரும் ரத்த மாதிரிகளில் ஒரே கிருமி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கிளெப்சியெல்லா. லேபில் கிருமி வளர்க்கும் தட்டில் இளஞ்சிவப்பாக, சளி மாதிரி வழவழவென்று வளரும். எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்த்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரே விடை. குழந்தைகள் மாறிக்கொண்டிருந்தன. சில வீட்டுக்குப் போயின. சில போகவில்லை.

வார்டில் நர்சுகள் கை கழுவும் பேசினின் கழிவுக்குழாயை அக்காவாகவே ஒருநாள் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்துவந்து தட்டில் பூசினாள். மறுநாள் அதிலும் அதே இளஞ்சிவப்பு, அதே விடை. வேறு வேறு நாட்களில் மறுபடி எடுத்தாள். மறுபடி வந்தது. லேபின் இன்சார்ஜ் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

“உன்னை யாரும்மா எடுக்கச் சொன்னது?”

அனுமதி இல்லாமல் எடுத்த மாதிரி, மாதிரியே இல்லை என்று தட்டுகளை அழிக்கச் சொன்னார். கொதிநீராவியில் போட்டு அழித்தவளும் அக்காதான், ஷிப்டில் வேறு ஆள் இல்லை. பதிவேட்டில் எதுவும் ஏறவில்லை. பேசின் இருந்த இடத்திலேயே இருந்தது.

“ஒரே மருந்து விடை வந்தா ஒரே கிருமின்னு அர்த்தம் இல்லடா” என்று அக்கா தம்பிக்கு விளக்கினாள். “ஒரே மாதிரி சட்டை போட்ட ரெண்டு பேர் மாதிரி இருக்கலாம். மரபணுவை வரிசையா படிச்சுப் பார்த்தாதான் ஒரே ஆள்தானான்னு தெரியும். அந்த மெஷின் நான் அப்ளை பண்ற யுனிவர்சிடில ஒரு மேடம்கிட்ட இருக்கு. அவங்களுக்கு மெயில் போட்டேன். கேள்வி நல்லா இருக்கு, முறையா விண்ணப்பிங்கன்னு பதில் போட்டிருக்காங்க.”

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை வக்கீல் கவனித்தான். கல்யாணப் பேச்சு எடுத்தபோது கூட வராத வெளிச்சம்.

அவன் கல்லூரி கேன்டீனுக்குப் போய், இரண்டு படிப்பின் விவரங்களையும் செல்போனில் படித்துக் குறிப்பெடுத்தான். தன் வாழ்நாளில் எந்தப் பாடத்துக்கும் அவ்வளவு குறிப்பு எடுத்ததில்லை. சாயங்காலம் அக்காவுக்கு வகுப்பே எடுத்தான்.

“பாரு, ரிசர்ச்சுக்கு நீ போய் நிக்கிறது ‘எனக்கு ஒரு கேள்வி இருக்கு’ன்னு. என்ன கேள்வி, இதுவரைக்கும் மத்தவங்க என்ன கண்டுபிடிச்சிருக்காங்க, அதுல எங்க ஓட்டை, நீ எப்படி அடைப்பே, ஏன் அந்த மேடம்கிட்டயே வர்றே, உன்னால தனியா வேலை பார்க்க முடியும்ங்கறதுக்கு என்ன ஆதாரம். அவ்வளவுதான். உன் கிளாஸ் மார்க்கைப் பத்தி அங்க புராணம் பாடக்கூடாது.”

“சரி. மத்தது?”

“மத்ததுக்கு நீ போய் நிக்கிறது ‘எனக்கு ஒரு குறை இருக்கு’ன்னு. எனக்கு இது இது தெரியும், இது இது தெரியாது, உங்க கோர்ஸ்ல இந்த இந்தப் பேப்பர்ல அது இருக்கு, படிச்சு முடிச்சு இந்த வேலைக்குப் போவேன். கிளாஸ்ல எல்லாரோடயும் ஓடி வர முடியும்னு காட்டணும். அங்க போய் நீ உலகத்தைக் காப்பாத்தற கேள்வியோட நின்னா, ‘அம்மா தாயே, இது பாடம் நடத்தற இடம்’னு அனுப்பிடுவான்.”

இதுவரைக்கும் அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பல்கலைக்கழகமே அப்படித்தான் சொல்லும். தப்பு அடுத்த மேசையிலிருந்து வந்தது. கேன்டீனில் ஒரு சீனியர், தான் எங்கேயும் சேராமலேயே எல்லாப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் தெரிந்துவைத்திருந்தவன், ஒரு தகவல் சொல்லியிருந்தான். ஒரே துறைக்கு இரண்டு விண்ணப்பம் போட்டால் இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்குமாம். ஒரே விஷயம் இரண்டிலும் இருந்தால் காப்பி என்று இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுமாம்.

வக்கீலின் கர்வத்துக்கு இது தீனி. இரண்டு ஸ்டேட்மெண்டிலும் ஒரு வாக்கியம் ஒத்துப்போகக் கூடாது என்று இருந்தவன், இப்போது ஒரு விஷயமே ஒத்துப்போகக் கூடாது என்று தீர்மானித்தான். சொத்துப் பிரிக்கிற மாதிரி அக்காவின் வாழ்க்கையை மேசையில் போட்டுப் பிரித்தான். பேசின், பஞ்சுக்குச்சி, இளஞ்சிவப்புத் தட்டு, மரபணு எல்லாம் ரிசர்ச்சுக்கு. மார்க், ஷிப்ட் அனுபவம், லேபைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசை எல்லாம் கோர்ஸுக்கு. கோர்ஸ் பக்கம் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. குறை ஒன்று பெரிதாக வேண்டும். யோசித்து ஒரு வாக்கியம் வைத்தான்:

‘எங்கள் ஆய்வகத்தில் சுற்றுப்புற மாதிரிகள் எடுக்கும் வழக்கம் இல்லை, நானும் இதுவரை எடுத்ததில்லை. இத்துறையில் முதல் பாடத்திலிருந்து கற்க விரும்புகிறேன்.’

எழுதிவிட்டு அவனே ஒருமுறை ரசித்தான். எவ்வளவு அடக்கம். ஒன்றும் தெரியாதவனைப் போல வாத்தியார்களுக்குப் பிடித்த ஆள் வேறு யார்.

அக்கா ரிசர்ச் ஸ்டேட்மெண்டை இரண்டு முறை படித்தாள். கிருமியின் பெயரில் ஒரு எழுத்தைத் திருத்தினாள். ‘நிரூபித்தேன்’ என்று இருந்ததை ‘சந்தேகிக்கிறேன்’ என்று மாற்றினாள். கோர்ஸ் ஸ்டேட்மெண்டைத் திறந்தபோது இமை ஒட்டிக்கொண்டு வந்தது.

“இது சும்மா கைவசம் இருக்கட்டும்னுதானே. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அவனை யாரும் அப்படி நம்பியதில்லை. பெருமையாக அனுப்பு பொத்தானை அவனே அழுத்தினான். இரண்டு விண்ணப்பத்துக்கும் பரிந்துரைக் கடிதம் தர வேண்டியவர் இன்சார்ஜ் டாக்டர். அவர் நல்லவிதமாகவே எழுதினார். நேரம் தவறாதவள், கைசுத்தமானவள், சொன்னதைச் செய்கிறவள்.

இரண்டு விண்ணப்பத்துக்கும் சேர்த்து ஒரே நேர்காணல், வீடியோவில். அம்மா தன் நல்ல மேசைவிரிப்பை எடுத்து அக்காவுக்குப் பின்னால் இருந்த பீரோவின் மேல் போர்த்தினாள். பீரோ வேறு எதையோ மறைப்பது மாதிரி ஆனது. செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, திரையில் தெரியாத மூலையில் வக்கீல் உட்கார்ந்தான்.

திரையில் இரண்டு பேர். ஒருவர் மெயில் எழுதிய பேராசிரியை. இன்னொருவர் பாடப் படிப்பை நடத்தும் பேராசிரியர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் பத்து நிமிஷம் பேராசிரியை மட்டுமே பேசினார். அக்கா பதில் சொன்ன விதத்தைக் கேட்டு, இது தன்னோடு டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுகிற ஆள்தானா என்று வக்கீலுக்குச் சந்தேகம் வந்தது. ஈரப் பஞ்சால் ஏன் எடுத்தாள், குழாயின் எந்த வளைவில் எடுத்தாள், வேறு வார்டின் பேசினிலும் எடுத்துப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும், எல்லாவற்றுக்கும் நேரான பதில்.

“ஒருவேளை மரபணு ஒத்துப்போகலைன்னா?” என்று பேராசிரியை கேட்டார்.

“பேசின் காரணம் இல்லைன்னு தெரியும் மேடம். அப்போ வேற இடத்துல தேடணும். தேடறதை நிறுத்தாம இருந்தா போதும்.”

பேராசிரியை சிரித்தார். வக்கீல் மூலையில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், பார்க்க யாரும் இல்லை.

அப்போது கண்ணாடிக்காரர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கினார்.

“எனக்கு ஒரு சின்ன சந்தேகம்மா. நீங்க என் கோர்ஸுக்கும் போட்டிருக்கீங்க. தப்பில்லை, நிறைய பேர் போடுவாங்க. அதுல ஒரு வரி இருக்கு.” அவர் படித்தார். நானும் இதுவரை எடுத்ததில்லை, என்பது வரை படித்து நிறுத்தினார். “இப்போ பத்து நிமிஷமா எடுத்ததைப் பத்திதான் பேசிட்டிருந்தோம்.”

அக்கா திரும்பி மூலையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்று வக்கீலுக்குப் பிற்பாடு தோன்றியது.

“எடுத்தேன் சார். அது தப்பா எழுதினது.”

“எது தப்பு? ரெண்டும் நீங்க எழுதினதுதானே?”

தம்பி எழுதினான் என்று சொல்ல முடியாது. அடுத்தவர் எழுதிய ஸ்டேட்மெண்ட் என்றால் இரண்டும் அப்போதே குப்பைக்குப் போகும்.

“நான் எழுதினதுதான் சார்” என்றாள்.

“எடுத்த தட்டு ஏதாவது பத்திரமா இருக்கா? உறைய வெச்ச கிருமி? ரிப்போர்ட்?” என்று பேராசிரியை மெதுவாகக் கேட்டார்.

“அழிக்கச் சொன்னாங்க மேடம்.”

பீரோவின் மேல் போர்த்திய விரிப்பு நழுவிக் கீழே விழுந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

“ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க” என்றார் பேராசிரியை. “ரெண்டு படிப்புக்கு ரெண்டு விதமா எழுதறதுதான் சரி. ஆனா அதே பேசினை அவர் கோர்ஸுக்கும் எழுதியிருக்கலாமே. ‘எடுத்தேன், முறையா எடுக்கத் தெரியலை, அனுமதி வாங்கத் தெரியலை, ஒப்பிட்டுப் பார்க்க வேற இடத்து மாதிரியை எடுத்து வெச்சுக்கத் தெரியலை, கத்துக்க வர்றேன்’னு. அதைவிட நல்ல குறை வேற என்ன இருக்கு? எதை முன்னாடி வைக்கிறதுங்கறதுதான் மாறணும். நடந்தது மாறக்கூடாது.”

வக்கீல் அந்த வாக்கியத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தான். நன்றாக இருந்தது. அவன் எழுதியதைவிட நன்றாக இருந்தது. எழுத அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

“உங்க ஆஸ்பத்திரி அனுமதி இல்லாம இந்த ஆராய்ச்சியை எப்படியும் ஆரம்பிக்க முடியாது. மாதிரியெல்லாம் அங்கேயிருந்துதான் வரணும். அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றார் பேராசிரியை. திரை அணைந்தது.

“கம்ப்யூட்டர் பிடிக்கும்னு சொன்னாங்கக்கா” என்றான் வக்கீல்.

அக்கா சர்க்கரை டப்பாவை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். “கம்ப்யூட்டர் பிடிக்கல. படிச்சுப் பார்த்துப் பிடிச்சாங்க.”

பேராசிரியை சொன்னபடியே ஆஸ்பத்திரியைக் கேட்டார். கேட்கப்பட்டவர் இன்சார்ஜ் டாக்டர்; பரிந்துரை தந்தவர் அவர்தானே. எங்கள் லேபில் அப்படி எந்த மாதிரியும் எடுக்கப்படவில்லை என்று அவர் பதில் எழுதினார். அப்புறம் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவள் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவர் குரலிலேயே சொன்னாள், அதில் கோபம் இல்லாததுதான் தனக்குப் பயமாக இருந்தது என்றாள்.

“உக்காரும்மா. நான் உன்னைக் காட்டிக் கொடுக்கல. இல்லைன்னுதான் எழுதினேன். அந்தக் கோர்ஸ் லெட்டர்ல நீயே இல்லைன்னு எழுதியிருக்கியாமே, அவங்களே சொன்னாங்க. புத்திசாலித்தனம். ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லியிருக்கோம். உன் காண்ட்ராக்டை இந்தத் தடவை புதுப்பிக்க முடியாது, மேலிடத்துல யோசிக்கிறாங்க. படிக்கப் போ. நல்லா வருவே.”

அடுத்த வாரம் இரண்டு மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரிசர்ச் மாஸ்டர்ஸ்: விண்ணப்பத்தில் கூறப்பட்ட முன்பணியை உறுதிசெய்ய இயலவில்லை, ஆய்வுக்குத் தேவையான அனுமதியும் கிடைக்கவில்லை, வருந்துகிறோம். கோர்ஸ் மாஸ்டர்ஸ்: மகிழ்ச்சியுடன் இடம் அளிக்கிறோம். விண்ணப்பதாரரின் எழுத்துபூர்வமான கூற்றும் பரிந்துரையாளரின் கூற்றும் ஒத்துப்போவதால் தேர்வுக்குழு திருப்தியடைந்தது. இடத்தை ஏற்றுக்கொள்ளக் கீழே உள்ள உறுதிமொழியில் கையொப்பமிடவும்: என் விண்ணப்பத்தில் எழுதியவை அனைத்தும் உண்மை.

வக்கீல் எழுதியவற்றில் பலித்தது மறுபடியும் பொய்தான். இந்த முறை பஜ்ஜி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

“கையெழுத்துப் போடாதே” என்றான். “நான் ஒரு மெயில் எழுதறேன். எல்லாம் நான்தான் எழுதினேன், அந்த வரி பொய், பேசின்தான் நிஜம்னு. நாலு வரி. ஜோடனை எதுவும் இல்லாம.”

“எழுதி?”

“உண்மை தெரியட்டும்.”

“யாருக்கு?” அக்கா அவனைப் பார்த்தாள். “ஸ்டேட்மெண்டை வேற ஆள் எழுதினான்னு தெரியும். இந்த இடமும் போகும். பேசின் நிஜம்னு எப்படித் தெரியும்? நான் எடுத்தேன்னு என்கிட்ட என்ன இருக்கு? எடுக்கலைன்னு எழுதினது மட்டும்தான் இருக்கு. அதுவும் நீ நல்லா எழுதியிருக்கே.”

“அக்கா...”

“அடுத்த மாசத்துலேர்ந்து வேலை இல்லை. இங்க இருந்தா லேபுக்குள்ளயும் போக முடியாது, வார்டுக்குள்ளயும் போக முடியாது. வீட்ல உக்காந்து உண்மையா இருக்கலாம். அதனால அந்த வார்டுல யாருக்கு என்ன?”

எந்தக் கட்சிக்கும் வாதாடத் தெரிந்தவன், முதல்முறையாகத் தன் கட்சி எது என்று தேடிக்கொண்டிருந்தான். அக்கா செல்போனை வாங்கி, உறுதிமொழியை ஒரு முறை முழுவதும் படித்தாள். முதலில் அந்த ஸ்டேட்மெண்டை இப்படிப் படித்திருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கும். திரையில் விரலால் பெயரை எழுதினாள். கோணலாக வந்தது. அழித்துவிட்டு இன்னொரு தரம் திருத்தமாக எழுதினாள்.

அம்மா எல்லோருக்கும் சொன்னாள். வாழ்த்துச் சொல்ல வந்த சித்தப்பா, நம்ம வக்கீல் எழுதினதாமே என்று அவன் முதுகில் தட்டினார். தன் மகனுக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார். கேன்டீன் சீனியர், நான் சொன்ன டிப்ஸ்தானே வேலை செய்தது என்று பங்கு கேட்டான்.

கிளம்பும் வரைக்கும் அக்கா ஷிப்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். கடைசி வாரத்தில் ஒரு நாள் காலை வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று வரிசையாக. வழக்கமாக அப்படித்தான் கழுவுவாள். இன்று முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“சாப்பிடறியா?” என்று அம்மா கேட்டாள்.

“வேணாம்மா.”

வக்கீல் வாசல்நிலையில் சாய்ந்து நின்றான்.

“இன்னிக்கும் வந்துச்சா? வார்டுலேர்ந்து?”

“வந்துச்சு.”

“அதேதானா?”

“அதேதான்.”

“என்ன எழுதினே?”

“என்ன வந்துச்சோ அதை. ரத்தத்துல கிளெப்சியெல்லா. அதோட என் வேலை முடிஞ்சுது.” குழாயை மூடினாள். துண்டில் கையைத் துடைத்தாள்.

“பேசினைப் பத்தி யார்கிட்டயாவது சொன்னியா?”

அக்கா துண்டை மடித்து ஆணியில் மாட்டினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இன்சார்ஜ் டாக்டரைப் பற்றி அவள் சொன்னது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

“எந்த பேசின்?” என்றாள்.

அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். சமையலறைத் தொட்டியின் துளையில் கடைசித் தண்ணீர் களகளவென்று இறங்கும் சத்தம் கேட்டது. அது நிற்கும் வரை வக்கீல் அங்கேயே நின்றான்.